கிரியாட்டினினுக்கு நேரே புள்ளி ஏழு

திருவண்ணாமலையில் நான் ஊசி குத்தாத கை கம்மி. கார்த்திகை தீபத்துக்கு மறுநாள் ஒருவருக்குக் குத்தினேன். குழாயில் ரத்தத்துக்குப் பதில் நெய் வந்தது. வீணாக்குவானேன் என்று திரி போட்டு ஏற்றினோம், மத்தியானம் வரை எரிந்தது. சந்தேகம் இருந்தால் விமல்ராஜைக் கேளுங்கள். வேங்கிக்கால் லேபின் முதலாளி அவன்தான். அவனும் நம்பவில்லை.

கை நடுங்குகிறது என்று ஊசியைப் பிடுங்கிவிட்டு, காகிதத்திலிருந்து ஸ்டேப்ளர் பின்னைக் கழற்றி ஸ்கேனருக்குக் கொடுக்கும் வேலையில் என்னை உட்கார வைத்திருந்தான். அடி அண்ணாமலையில் ஒரு முகாம் நடந்தது. டயாலிசிஸில் இருப்பவர்களின் சொந்தக்காரர்களுக்கு இலவச ரத்தப் பரிசோதனை. சிறுநீரகம் கொடுக்கத் தோதானவர்களைச் சென்னை ஆஸ்பத்திரி ஒன்று கூப்பிட்டு அனுப்பும். முகாமிலிருந்து வந்தது வெறும் காகிதக் கட்டு. ஆஸ்பத்திரி கேட்டதோ சிஎஸ்வி கோப்பு. ஒரு பரிசோதனைக்கு ஒரு வரி. அதில் ஆளின் எண், தேதி, பரிசோதனையின் பெயர், அளவு, நடுநடுவே கமா. மாற்றித் தரும் வேலையை விமல்ராஜ் வாங்கியிருந்தான். செய்தது லேபில் கம்ப்யூட்டர் பார்க்கும் தேவிப்ரியா.

தேவிப்ரியாவின் அக்கா கஸ்தூரி வாரம் மூன்று நாள் டயாலிசிஸுக்குப் போகிறவள். முகாமில் கை நீட்டியவர்களில் இவர்களுடைய அம்மா காசியம்மாளும் ஒருத்தி. கோப்பு தயாரானதும் தேவிப்ரியா முதலில் தேடியது அம்மாவின் வரியைத்தான். கிரியாட்டினின், 0.7. சிறுநீரகம் சுத்தமாக வேலை செய்கிறது என்று அர்த்தம். அன்றைக்கு அவள் போனில் பேசிய சத்தத்துக்குப் பக்கத்து ஜெராக்ஸ் கடையில் காகிதம் சிக்கிக்கொண்டது. கஸ்தூரி ரொம்ப நாளைக்கப்புறம் ரெண்டு இட்லி முழுசாகச் சாப்பிட்டாளாம்.

மறுநாள் காலை காசியம்மாள் தூக்குச்சட்டியில் சர்க்கரைப் பொங்கலோடு லேபுக்கு வந்தாள். கோயிலுக்குப் போய்விட்டு நேரே வந்திருந்தாள். எங்களுக்கெல்லாம் விபூதி கொடுத்தாள், மானிட்டருக்கும் ஒரு கீற்று வைத்தாள்.

அந்த மானிட்டர்தான் கோப்பை ஏற்க மாட்டேன் என்று காலையிலிருந்து அடம் பிடித்துக்கொண்டிருந்தது. ஆஸ்பத்திரியின் தளத்தில் ஏற்றினால், அளவு காலியாக இருக்கிறது என்று சிவப்பு எழுத்து வந்தது. கோப்பில் எல்லோருக்குமே, கடைசிப் பரிசோதனையான கால்சியத்துக்கு நேரே ஒன்றுமில்லை. முகாமில் கால்சியம் பார்க்காமல் விட்டிருப்பார்கள், அந்த வரியையே தூக்கிவிடு என்றான் விமல்ராஜ். முட்டை போட்டுவிடலாம் என்றேன் நான்.

“முட்டை போட்டா அத்தினி பேரும் செத்துட்டாங்கன்னு அர்த்தம் பெரியப்பா,” என்றாள் தேவிப்ரியா.

சும்மா இருக்க முடியாமல் திரையில் காசியம்மாளின் வரிகளைப் படித்தேன். மஞ்சள் காமாலையைக் காட்டிக்கொடுக்கும் மொத்த பிலிருபின் 0.2. அதில் ஒரு பங்கான நேரடி பிலிருபின் 24. எனக்கு நெய் கதையைவிட இது பிடித்துப் போயிற்று.

“காசி, உனக்கு இருக்கற மஞ்சளுக்கு நீ கிரிவலம் போனா மலை மேல தீபமே ஏத்த வேணாம்மா. மொத்தமே கால் படி, அதுல பாதி ரெண்டு மூட்டைன்னு போட்டிருக்கு.”

காசியம்மாள் சிரித்தாள். விமல்ராஜ்கூடச் சிரித்தான். தேவிப்ரியா சிரிக்கவில்லை. என் மடியிலிருந்த கட்டை வாங்கி அம்மாவின் தாளை உருவி, மேசைமேல் வைத்து, வரிக்கு வரி ஸ்கேலை இறக்கிக்கொண்டே வந்தாள்.

தாளில் குளுக்கோஸ் என்று ஒரு வரி. இடம் பற்றாமல் அதன் கீழே, அடைப்புக்குறிக்குள் ஃபாஸ்டிங். பெயர் இரண்டு வரி, அளவு ஒன்றே ஒன்று, 96. எழுத்தைப் படிக்கும் மென்பொருளுக்கு அது தெரியுமா? பெயர்களை ஒரு பத்தியாகவும் அளவுகளை ஒரு பத்தியாகவும் தனித்தனியே படித்து, மேலிருந்து ஜோடி சேர்த்திருந்தது. ஃபாஸ்டிங் என்று உலகத்திலேயே இல்லாத ஒரு பரிசோதனை பிறந்து, அடுத்திருந்த யூரியாவின் 44-ஐ எடுத்துக்கொண்டது. யூரியா யூரிக் ஆசிட்டுடையதை எடுத்தது. இப்படியே ஒவ்வொன்றும் கீழ்வீட்டுக்காரனின் சோற்றைத் தின்ன, கடைசி வீட்டுக் கால்சியம் பட்டினி. எல்லாத் தாளும் ஒரே அச்சு. எல்லாவற்றிலும் அதே கோளாறு.

கிரியாட்டினினுக்கு நேரே இருந்த 0.7, அதற்கு அடுத்த வரியின் மொத்த பிலிருபின். இருக்கவேண்டிய அளவுக்குள் அதுவும் பாந்தமாகப் பொருந்தியதால் ஒருவர் கண்ணிலும் படவில்லை.

ஸ்கேல் கிரியாட்டினினில் நின்றது. அதன் மேல்விளிம்பில் 1.6.

தேவிப்ரியா விசைப்பலகைக்குத் திரும்பினாள். அடைப்புக்குறியில் தொடங்கும் பெயர் தனி வரியாக வந்தால் அதை மேல்வரியோடு ஒட்டு என்று மென்பொருளுக்கு ஒரு விதி எழுதினாள். பெயர்கள் ஒரு படி ஏறி அவரவர் அளவுக்கு நேரே நின்றன. பெயரும் அளவும் ஒவ்வொரு தாளிலும் சமமாக இருக்கின்றனவா என்று எண்ணவைத்தாள். பிறகு நான் காகிதத்தைப் படிக்க, அவள் திரையைப் பார்த்து ம் கொட்டினாள். கால்சியத்துக்கும் சோறு கிடைத்தது. பிலிருபின் 0.7-க்குள் நேரடி 0.2 அடங்கியது. காசியம்மாளுக்கு மஞ்சள் காமாலை தீர்ந்தது.

“இன்னாடி, என்னுது மாறிப்போச்சா?” என்றாள் காசியம்மாள்.

தேவிப்ரியா மெதுவாகச் சொன்னாள். ஒன்று புள்ளி ஆறு என்றால், இந்த வயதில் இரண்டு சிறுநீரகமும் சேர்ந்தே பாதி வேலைகூடச் செய்வதில்லை. ஒன்றைக் கொடுக்க முடியாது.

காசியம்மாள் தூக்குச்சட்டியின் மூடியை அழுத்தி மூடினாள். “மத்தவங்களுதை எல்லாம் சரி பண்ணிடு. என்னுது மட்டும் முன்ன இருந்தாப்பலயே விடு.”

“அம்மா.”

“ஒரு வரிதான. மிஷினு பண்ண தப்புதான, நாமளா பண்ணோம்?”

“அங்க போனா மறுபடி எடுப்பாங்கம்மா. அப்ப தெரிஞ்சிடும்.”

“அதுக்குள்ள கம்மியாயிடும். உப்பை விட்டுர்றேன்.” சேலைத்தலைப்பை ஒதுக்கி விமல்ராஜிடம் கையை நீட்டினாள். “முகாம்ல எடுத்தது தப்பா இருக்கும் தம்பி. இங்கயே எடு.”

அவன் என்னைப் பார்த்தான். முகாம்காரர்கள் குழாயை மாற்றியிருக்கலாம் என்று நானும் சொன்னேன். என் வாழ்நாளில் நான் சொன்ன பொய்களிலேயே அது ஒன்றுதான் நிஜமாகிவிட வேண்டும் என்று நினைத்துச் சொன்னது. எடுத்தான். இயந்திரம் சுற்றும்வரை தேவிப்ரியா விசைப்பலகையைத் தொடவில்லை. பொங்கலை யாரும் திறக்கவில்லை.

1.7 வந்தது.

தேவிப்ரியா கோப்பைத் தளத்தில் ஏற்றினாள், முகாமின் 1.6-ஓடு. சிவப்பு எழுத்து வரவில்லை. பச்சையில், எல்லா வரிகளும் ஏற்கப்பட்டன என்று வந்தது.

“ஏத்துக்கிச்சா?” என்றாள் காசியம்மாள்.

“கோப்பை ஏத்துக்கிச்சும்மா.”

முதல் வார்த்தை அவள் காதில் விழவில்லை போலிருக்கிறது. மானிட்டரைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டாள்.

கஸ்தூரியே போன் செய்தாள். அன்றைக்கு அவள் டயாலிசிஸ் ஊசி போட்டுக்கொண்டு படுத்திருக்கும் நாள். பக்கத்தில் இருந்த எனக்கு அவள் குரலும் பின்னால் இயந்திரத்தின் சத்தமும் கேட்டன. அனுப்பியாச்சா என்று கேட்டாள். தேவிப்ரியா என்னிடம் நீட்டிவிடுவாளோ என்று பயந்தேன். நீட்டவில்லை.

“அனுப்பிட்டேன்க்கா. அந்த புள்ளி ஏழு அம்மாவுது இல்ல. வரி மாறிப்போச்சு. ஒன்னு புள்ளி ஆறு.”

கஸ்தூரிக்கு அந்த எண்ணை விளக்க வேண்டியதில்லை.

“எனக்கும் அந்த ஒன்னு புள்ளி ஆறுலதான்டி ஆரம்பிச்சுது,” என்றாள்.

“இன்னா சொல்றா?” என்று கேட்டாள் காசியம்மாள், தூக்குச்சட்டியை எடுத்துக்கொண்டு. “எப்ப கூப்புடுவாங்களாம்?”