ஆறாம் கதவு, பத்து மணி

அந்தக் கிடங்கில் அவளுக்கு டிரைவர்கள் வைத்த பெயர் 'டைம்டேபிள்'. எந்த லாரி எத்தனை மணிக்கு வர வேண்டும், பன்னிரண்டு கதவுகளில் எதில் சரக்கை இறக்க வேண்டும் என்று தீர்மானிப்பது அவள் வேலை. முன்பெல்லாம் முந்தி வந்தவனுக்கு முதல் கதவு. விடியும் முன்பே வந்து வரிசை கட்டி, நாளெல்லாம் காய்வார்கள். அவள்தான் மேனேஜரிடம் மல்லுக்கட்டி, ஒரு மாத சோதனைக்குச் சம்மதம் வாங்கினாள். அவள் முறையில் சோப்பு வண்டிக்கு சோப்பு அடுக்கும் பக்கத்துக் கதவு, வண்டிக்கு ஒரு மணி நேரம். இன்று கடைசி நாள். காத்திருப்பு சராசரி அரை மணிக்குள் இருந்தால் முறை நிரந்தரமாகும்.

ஆனால் அவள் ஒரு கணக்கில் கோட்டை விட்டிருந்தாள். பலகையில் அடுக்கி வரும் சரக்கை ஃபோர்க்லிஃப்ட் நாற்பது நிமிடத்தில் இறக்கிவிடும். தனித்தனிப் பெட்டிகளாக வருவதைக் கையால் இறக்க மூன்று மணி நேரம் ஆகும். இரண்டுக்கும் அதே ஒரு மணி நேரம்தான் கொடுத்திருந்தாள். முதல் வாரமே வண்டிகள் தேங்கின. தன் தவறை ஒத்துக்கொள்ள மனம் வரவில்லை. எல்லாரும் 'மீசை' என்றழைக்கும் வாசல் காவலரைக் கூப்பிட்டாள்.

"கதவு காலியாகற வரைக்கும் யாரையும் ஸ்கேன் பண்ணாதீங்க. உள்ள நெரிசலா இருக்கு."

அவள் கணினித் திரையில் காத்திருப்புக் கணக்கு, வாசலில் வண்டியின் சீட்டை ஸ்கேன் செய்த நொடியில்தான் தொடங்கும். வெளியே ரோட்டில் நிற்பவனை அது அறியாது. மீசை ஒரு மாதிரி பார்த்துவிட்டுத் தலையாட்டினார். திரை பச்சையானது. அதன் பிறகு அவள் வாசல் பக்கம் போகவே இல்லை.

இன்று பத்து மணிக்கு ஆறாம் கதவு, லாரி ஓட்டும் அவள் அண்ணனுக்கு. அண்ணன் மகளுக்கு மூன்றரைக்குக் கண் ஆபரேஷன். "பதினோரு மணிக்கெல்லாம் இறக்கிட்டுக் கிளம்பிடலாம்ல?" என்று நேற்றே கேட்டான்.

"தாராளமா. ஆனா வேலை நேரத்துல எனக்குப் போன் பண்ணாதே. தங்கச்சி தயவுன்னு பேசுவாங்க."

ஒன்பது மணிக்கு ஆறாம் கதவில் நின்ற வண்டி தனிப்பெட்டி வண்டி. அதை இறக்கி முடிக்கப் பன்னிரண்டானது. ஒரு வண்டி நேரம் கடந்து அரை மணிக்குள் ஸ்கேன் ஆகாவிட்டால் திரை 'வரவில்லை' என்று போட்டு, பட்டியலிலிருந்து தூக்கிவிடும். பத்து மணி வண்டி, வரவில்லை. பதினோரு மணி வண்டி, வரவில்லை. பன்னிரண்டு மணி வண்டி உள்ளே வந்தது. இரண்டு பேர் வராததால் நெருக்கடி தீர்ந்ததே என்று அவளுக்கு உள்ளூர நிம்மதி. அண்ணன் லோடை விட்டுவிட்டு நேரே ஆஸ்பத்திரிக்குப் போயிருப்பான், பெற்ற மனசு, என்று நினைத்துக்கொண்டாள்.

இரண்டே முக்காலுக்கு அண்ணி போன் செய்தாள்.

"அவர் கிளம்பிட்டாரா? போனை எடுக்க மாட்டேங்கறார். பாப்பா அப்பா எங்கன்னு துளைச்சு எடுக்கறா."

அவள் வாசலுக்கு ஓடினாள்.

ரோட்டோரம் பதினாறு லாரிகள் நின்றன. மர நிழல் கிடையாது, ஒதுங்க ஒரு இடம் கிடையாது. நான்காவது வண்டியின் நிழலில் அண்ணன் உட்கார்ந்திருந்தான்.

"ஒன்பதரைக்கே வந்துட்டேன்மா. கதவு காலி இல்லைன்னார் மீசை. அப்புறம் லிஸ்ட்லயே பேர் இல்லைன்னார். போன்ல சார்ஜ் போச்சு. சார்ஜ் இருந்திருந்தாலும், உனக்குப் போன் பண்ணக் கூடாதுன்னு நீதானே சொன்னே."

அவள் கையை நீட்டினாள்.

"சாவியைக் குடு. வண்டியை உள்ள எடுக்க ஆள் இருக்கு. நீ ஓடு."

"இங்கேருந்து ஒரு மணி நேரம் ஆகுமே," என்றான் அவன். மீசை தன் பைக் சாவியை அவன் கையில் திணித்தார். அவன் திரும்பிப் பார்க்காமல் போனான்.

மீசை சட்டைப் பையிலிருந்து ஒரு சின்ன நோட்டை எடுத்தார். "எல்லாரும் வந்த நேரம் இதுல இருக்கு. நீங்க கேப்பீங்கன்னு நினைச்சேன். கேக்கவே இல்ல."

அவள் நோட்டை வாங்கி மேசைக்குப் போனாள். ஒரு மாத வண்டிகளையும் உண்மையான நேரத்தோடு ஒவ்வொன்றாகப் பதிந்தாள். பச்சை போய்ச் சிவப்பு ஏறியது. சராசரி அரை மணி, ஒன்றே கால் மணி, இரண்டே முக்கால் மணி. பின்னால் மேனேஜர் வந்து நிற்பது தெரிந்தும் அவள் நிறுத்தவில்லை.

நாலு மணிக்கு அண்ணி மறுபடி போன் செய்தாள். அழுது ஓய்ந்த குரல்.

"உள்ள கூட்டிட்டுப் போயிட்டாங்க. அவர் இப்பத்தான் ஓடி வர்றார். கதவு மூடற வரைக்கும் 'அப்பா வரலியா, அப்பா வரலியா'ன்னு கேட்டுக்கிட்டே போனா."

திரையில் ஒரே ஒரு வரி மிச்சமிருந்தது. ஆறாம் கதவு, பத்து மணி: வரவில்லை. அவள் அதை அழித்து, 'ஒன்பதரைக்கு வந்தார்' என்று பதிந்தாள்.