பனிமூட்டத்தில் நடந்து போன சாக்குகள்

1

இந்தக் கதை எனக்குக் கிடைத்த விதத்தை முதலிலேயே ஒப்புக்கொண்டு விடுகிறேன். இலங்கை மலைநாட்டில், இறம்பொடைப் பக்கம், ஒரு தோட்டத்துத் தொழிற்சாலையை ஒட்டிய தேயிலைக் கடையில் ஒரு பெட்டியை எடுத்து, "இது ஏன் இவ்வளவு விலை?" என்று கேட்டேன். விற்பனைப் பெண் மனப்பாடமாகத் தொடங்கினாள்: "இது உயர்ந்த மலையில, பனியில, மெதுவா வளர்ந்த..." அங்கே நின்றுவிட்டாள். சன்னலைப் பார்த்தாள். பிறகு மீதியையும் சொல்லி முடித்தாள். நானும் வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

அவள் ஏன் நின்றாள் என்று எனக்குத் தெரியாது. இனி வருவதெல்லாம் என் கைச்சரக்கு. பிரியந்தி என்ற பேரும் நான் வைத்ததுதான்.

(முதலில் இப்படித் தொடங்கியிருந்தேன்: "மலையரசி பச்சைச் சேலை உடுத்தி..." அடித்துவிட்டேன். சேலையை நெய்தது யாரென்று பிரியந்தி கேட்டால் நான் எங்கே போவேன்?)

2

பிரியந்திக்கு இருபத்தாறு வயது. பகலில் கடை, மாலையில் படிப்பு. அட்டனில் சிறுபத்திரிகை நடத்தும் கஜேந்திரன் என்ற ஆசிரியர், பொருளாதாரப் புத்தகங்களில் வரும் 'பண்ட மாயை' பற்றி ஒரு கட்டுரை கேட்டிருந்தார். ஒரே நிபந்தனை: "ஒங்க அம்மாவுக்கு வாசிச்சுக் காட்டுனா வெளங்கணும்."

அவள் பேர் அச்சில் வரப்போவது இதுதான் முதல் தடவை. ஒரு வாரம் காலே தரையில் பாவவில்லை. கட்டுரையை இப்படி ஆரம்பித்தாள்: "ஆயுத பூஜை அன்று என் அம்மா தேயிலைக் கொழுந்து பறிக்கும் கூடைக்குச் சந்தனம் பூசி, பொட்டு வைத்து, விழுந்து கும்பிடுகிறாள். செத்த பொருளுக்கு உயிர் இருப்பதாக நம்பும் இந்த அறியாமைதான் பண்ட மாயை."

கஜேந்திரனுக்கு அனுப்பினாள். "மொத வரியே படமாட்டம் இருக்கு. சனிக்கெழம அச்சுக்குப் போகுது" என்று பதில் வந்தது.

அதன் பிறகுதான் அம்மாவுக்கு வாசித்துக் காட்டினாள். முன்பின்னாகச் செய்கிற புத்தி அவளுக்கு என்னிடமிருந்து வந்திருக்க வேண்டும்.

3

அம்மா வீரம்மா மலையிலிருந்து வந்து, தோட்டத்து வரிசை வீடான லயத்தின் வாசலில் சவர்க்காரம் தேய்த்துக் கால் கழுவிக்கொண்டே கேட்டாள். முழுதும் கேட்டுவிட்டுத்தான் வாய் திறந்தாள்.

"கூட கொழுந்து பறிக்கும்னு நா எப்பம்மா சொன்னேன்? பறிக்கிறது நானு. வருசம் பூரா என் முதுகுல கெடக்குதேன்னு ஒரு நாளு பொட்டு வைக்கிறேன். அதுல என்னா அறியாம?"

"அம்மா, அது ஒரு உதாரணத்துக்கு..."

"சரி, ஒன் கடையில விக்கிற பொட்டி என்னாத்துக்கு அந்த வெல? இங்க பறிச்ச கொழுந்துதானே?"

"அது ஒசந்த மலையில, பனியில, மெதுவா வளர்ந்த..."

"வளந்து, தானா எறங்கி நடந்து வந்துச்சாக்கும்?"

அப்போதுதான் பிரியந்திக்கு உறைத்தது. பனியைச் சொன்னாள், உயரத்தைச் சொன்னாள். எதிரே சவர்க்காரக் கட்டியைப் பிடித்துக்கொண்டிருந்த, தேயிலைக் கறை ஏறிய விரல்களைச் சொல்லவே இல்லை.

"இது புத்தகத்துல வந்தா தோட்டத்துல எல்லாரும் வாசிப்பாங்களே" என்று வீரம்மா மெல்லச் சொன்னாள். "வாசிக்கட்டும். நீ படிச்ச புள்ள." பிரியந்திக்கு அழுகை வந்தது. திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள்.

4

(இங்கே எனக்கு ஒரு சந்தேகம். வீரம்மாவை நான் மிகவும் கெட்டிக்காரியாக்கிவிட்டேனோ? கஷ்டப்பட்டவர் வாயில் தத்துவத்தை ஊட்டுவது எழுதுகிறவர்களின் பழைய வியாதி. ஆனால் அவள் தத்துவம் ஒன்றும் பேசவில்லை. தன் வேலையைத் தன் வேலை என்றாள், அவ்வளவுதான்.)

மறுநாள் கடையில் ஆளில்லை. பனிமூட்டம் சன்னல் வரை வந்து நின்றது. பாதையில் கொழுந்துச் சாக்குகள் போவதைப் பிரியந்தி பார்த்தாள். மஞ்சளும் நீலமுமாக, மனித உயரத்தில், ஆள் இல்லாமல் அவை மிதந்து போயின. தலையும் தெரியவில்லை, காலும் தெரியவில்லை. ஒரு சாக்கு இன்னொரு சாக்குக்கு வழிவிட்டது. இரண்டு நின்று பேசிக்கொள்வதுபோல ஒன்றையொன்று ஒட்டி நின்றன. வெள்ளைக்குள் வெள்ளையாய் எல்லாம் தொழிற்சாலைப் பக்கம் கரைந்தன.

கண்ணைக் கசக்கினாள். சாக்குகள் மிதந்துகொண்டேதான் இருந்தன. அடியில் ஆட்கள் இருப்பது அவளுக்குத் தெரியும். அதில் ஒருத்தி அவள் அம்மா. தெரிந்தும் சாக்கு மட்டுமே தெரிந்தது. மூட்டம் அவள் கண்ணில் இல்லை, பாதையில் இருந்தது.

பில் புத்தகத்தின் பின்பக்கத்தில் எழுதத் தொடங்கினாள்.

5

அவள் எழுதியதில் நான் திருடியது:

"அம்மா எனக்கு ரொட்டி சுட்டுத் தருகிறாள். யார் கை, யாருக்காக என்று இருவருக்கும் தெரியும். அதற்கு விலை இல்லை. அங்கே மாயையும் இல்லை.

சவர்க்காரம் அப்படியல்ல. எங்கோ ஒருத்தி அதை வெட்டி, உறையில் போடுகிறாள். அவள் என் அம்மாவின் தேயிலையைக் குடிக்கிறாள், என் அம்மா அவள் சவர்க்காரத்தில் கால் கழுவுகிறாள். இருவரும் ஒருவருக்காக ஒருவர் உழைக்கிறார்கள், ஆனால் சந்தித்ததே இல்லை. சந்திப்பது சவர்க்காரமும் தேயிலையும்தான், அதுவும் சந்தையில், விலை என்ற பாஷையில். ஆளுக்கும் ஆளுக்கும் உள்ள உறவு, பொருளுக்கும் பொருளுக்கும் உள்ள உறவாகத் தெரிகிறது. சீனிக்குள் இனிப்பு இருப்பதுபோல, பொருளுக்குள்ளேயே மதிப்பு பிறந்ததாக நினைக்கிறோம். இதுதான் பண்ட மாயை.

பொருள் மீது ஆசைப்படுவது வேறு. ஆசையே இல்லாதவரும் இதற்குள்தான் இருக்கிறார். என் கைப்பேசியைப் பொருத்திய விரல்களை நான் அறியேன். 'நல்ல போன், அந்த விலை பெறும்' என்கிறேன், போனே அந்த விலையைப் பெற்றெடுத்ததுபோல. இது வெறும் அறியாமையும் அல்ல. அறிந்த பிறகும் நாளை நான் விலையைக் கேட்டுத்தான் வாங்குவேன். ஒருவரையொருவர் அறியாமல் உழைத்து, சந்தையில் மட்டும் சேர்கிற வரைக்கும் மூட்டம் பாதையில்தான் இருக்கும்."

(அடிக்குறிப்பு மாதிரி ஒன்று: நான் வாங்கிய பெட்டியில் கூடையோடு சிரிக்கும் ஒரு பெண்ணின் படம் இருக்கிறது. ஆளைக் காட்டியாகிவிட்டதே என்பீர்கள். அவளும் விலையைக் கூட்டத்தான் அங்கே நிற்கிறாள்.)

வீரம்மாவுக்கு வாசித்தாள். வீரம்மா சவர்க்காரக் கட்டியைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தாள்.

"அந்தப் புள்ளைக்கும் என்னயத் தெரியாது, இல்ல?"

"தெரியாதும்மா."

"சவுக்காரம் வெட்டி வெட்டி அதுக்குக் கையி எரியுமா இருக்கும்" என்றாள் வீரம்மா.

6

வெள்ளிக்கிழமை பிரியந்தி கஜேந்திரனுக்குப் போன் எடுத்தாள்.

"கஜேந்திரன் சேர், அந்தக் கூடை தப்புங்க. அம்மா மயங்கல, நான்தான் மயங்கியிருந்தேன். மாத்தி எழுதியிருக்கேன்."

"பிரியந்தி, கூடைதாங்க ஆள இழுக்கும். அத எடுத்தா இது வெறும் பாடம். கூடையோட வந்தா இந்த இதழ். இல்லாட்டிப் பாப்போம். நாளைக்குக் காலையில சொல்லுங்க."

அவர் கெட்டவர் இல்லை. பத்திரிகை விற்க வேண்டும். அவர் பாதையிலும் மூட்டம்.

முடிவுகள் என்னிடம் மூன்று இருந்தன. ஒன்று: கூடையோடு அச்சேறுகிறது, வீரம்மா தோட்டத்தில் தலை குனிகிறாள். இரண்டு: கூடை போய்விடுகிறது, அதோடு கட்டுரையும், பிரியந்தியின் பேரும். மூன்றாவதில் கஜேந்திரன் மனம் மாறி... அதை எழுத எனக்கே கை கூசியது.

மூன்றையும் கிழித்துவிட்டேன். ஏனென்றால் கஜேந்திரன் செய்ததை நானும் செய்துவிட்டேன். ஆளை இழுக்கும் என்றுதான் வீரம்மாவின் கூடையை இந்தக் கதையில் வைத்தேன். அது இல்லாமல் நீங்கள் இவ்வளவு தூரம் வந்திருப்பீர்களா?

சனிக்கிழமை விடிந்துவிட்டது. பிரியந்தி வாசலில் போனோடு நிற்கிறாள். வீரம்மா கூடையை மாட்டிக்கொண்டு மலைக்குக் கிளம்புகிறாள். நாலடி போய்த் திரும்பி, "என்னமும் எழுதிக்க. அந்தச் சவுக்காரக்காரிய மட்டும் எடுத்துறாத" என்கிறாள். மூட்டம் அவளை மூடுகிறது. கூடை மட்டும் தனியே மேலே ஏறிப் போகிறது.

கஜேந்திரனின் எண்ணை அழுத்தியாயிற்று. மணி அடிக்கிறது. இனி பிரியந்திக்காகப் பேச வேண்டியவர் நீங்கள். அதற்குமுன் உங்கள் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கிற தேநீர்க் கோப்பையை ஒரு தடவை பாருங்கள்.

அவர் போனை எடுத்துவிட்டார்.