நான்கு வாடிக்கையாளர்கள்

நாமக்கல்லில் கோழித் தீவனக் கடைக்கு மேல்மாடியில் இருக்கிற அந்த முதலீட்டு நிறுவனத்துக்குப் பெயர் மட்டும் ஆங்கிலத்தில் அரை முழம் நீளும். உள்ளே போனால் நான்கு பண்ணைக்காரர்கள்தான். முட்டையில் சம்பாதித்ததை முட்டையிலேயே போட்டு அலுத்துப்போய், ஸ்டார்ட்அப் என்ற புதுக் கிறுக்கு பிடித்தவர்கள். நான்கு பேரும் சேர்ந்து உட்கார்ந்தால் அது முதலீட்டுக் குழு. அடுத்த தெருவில் இதே நான்கு பேர் உட்கார்ந்தால் சீட்டாட்டம். இரண்டுக்கும் போண்டா ஒரே கடையிலிருந்துதான் வரும்.

சுகன்யாவின் வேலை, பணம் கேட்டு வருகிறவர்கள் தங்கள் திட்டத்தை விளக்கி அனுப்பும் கம்ப்யூட்டர் படக்காட்சியைப் படித்து, குழுவுக்கு இரண்டு பக்கக் குறிப்பு எழுதுவது. என்ன பலம், எங்கே ஆபத்து என்று காட்டும் சிவப்புக் கொடி, இன்னும் என்னென்ன கேட்க வேண்டும் என்று மூன்று பகுதி. எழுதுவாள், யாரும் படிக்க மாட்டார்கள். படிக்காவிட்டால் தொலைகிறது என்று விடவும் முடியாது. அவளுக்கு முன்னால் அந்த நாற்காலியில் இருந்த அன்பரசு, இளநீர் இயந்திரம் ஒன்றைப் பற்றிக் குறிப்பு எழுதினான். தலைவர் சொன்னார் என்பதற்காகச் சிவப்புக் கொடிகளை எடுத்தும் கொடுத்தான். இயந்திரக் கம்பெனி படுத்ததும் நான்கு பேரும் ஒரே குரலில், "குறிப்பு எழுதுனவன் சொல்லலியே" என்றார்கள். அன்பரசு இப்போது கரூரில் எங்கோ கணக்கு எழுதுகிறான். அவன் பெயரைச் சொன்னாலே மற்ற கம்பெனிக்காரர்கள் சிரிக்கிறார்கள். தனக்கும் அந்தக் கதி வந்துவிடக்கூடாது என்பதுதான் சுகன்யாவின் ஒரே கவலை.

இந்த முறை வந்தது இனியனின் படக்காட்சி. கோழிக்கொட்டகையில் கேமரா வைத்தால், நாளைக்கு எத்தனை முட்டை விழும் என்று இன்றைக்கே போனில் சொல்லிவிடுமாம். இந்தியாவில் எத்தனை பேர் இருக்கிறார்களோ அத்தனை பேரையும் முட்டையால் பெருக்கி, அதுதான் எங்கள் சந்தை என்று போட்டிருந்தான் மகராசன். பால்குடி மறக்காத குழந்தைகூட அதில் அடக்கம். போட்டியாளர்கள் என்ற பக்கத்தில் யாருமே இல்லை. வருமானக் கோடு மட்டும் கொல்லிமலை ஏறுகிற ரோடு மாதிரி மேலே போனது.

பலம் என்று எழுத அவளுக்குக் கொஞ்சம் கிடைத்தது. பையனுக்குப் பண்ணை வேலை தெரியும், சோதனைக் கருவி ஒன்று அவன் வீட்டுக் கொட்டகையில் உண்மையிலேயே ஓடுகிறது. ஆனால் "நான்கு முன்னணிப் பண்ணைகள் எங்கள் வாடிக்கையாளர்கள்" என்ற வரியில் அவளுக்கு இடித்தது. ஆண்டு வருமானம் என்று அவன் காட்டிய தொகை முழுக்க அந்த நான்கு பேரிடமிருந்துதான். கேட்டுக் கேட்டு வாங்கியபோது வந்தவை நான்கு விருப்பக் கடிதங்கள். பிடித்தால் வாங்கலாம் என்று பார்க்கிறோம், அவ்வளவுதான் அதற்கு அர்த்தம். யாரையும் கட்டாது, ஒரு பைசா வந்ததும் இல்லை. அதை வருமானம் என்பது, பெண் பார்க்கப் போனதைக் கல்யாணம் என்பது போல. அடியில் இருந்த கையெழுத்துகளைப் பார்த்ததும் அவளுக்குச் சிரிப்பதா தலையில் அடித்துக்கொள்வதா என்று தெரியவில்லை.

நான்கும் முதலீட்டுக் குழுவின் கையெழுத்துகள்.

அதைச் சிவப்புக் கொடியின் முதல் வரியாகப் போட்டுத் தலைவர் அர்த்தநாரிக்கு அனுப்பினாள். உடனே போன் வந்தது.

"அம்முணி, அந்தச் செகப்புப் பக்கத்த எடுத்துரு. இனியன் எஞ் சம்பந்தி கண்ணுசாமி பையன். நல்ல காரியத்துல செகப்பு எதுக்கு?"

"படிச்சுப் பாத்தீங்களாய்யா?"

"தலைப்பப் பாத்தாலே தெரியுதே சாமி."

பற்றிக்கொண்டு வந்தது சுகன்யாவுக்கு. பக்கத்தை எடுத்தாள். ஆனால் அந்த முதல் வரியை மட்டும் ஒரு கேள்வியாக்கி, கேட்க வேண்டியவை என்ற பகுதியின் கடைசியில் சேர்த்தாள்.

வெள்ளிக்கிழமை இனியன் வந்து, கோட்டு போட்டுக்கொண்டு, வியர்க்க வியர்க்கப் படம் காட்டினான். முடிந்ததும் வழக்கம்போல அவனைக் கீழே டீக்கடைக்கு அனுப்பிவிட்டுக் குழு பேச ஆரம்பித்தது. பேச்சு என்ன பேச்சு! போண்டா தீருவதற்குள் கம்பெனியே கைமாறிவிடும் போலிருந்தது.

"போட்டரலாமுங்க" என்றார் பண்ணையோடு தீவன ஆலையும் வைத்திருக்கும் குருமூர்த்தி. "நாலு பெரிய பண்ணை வாங்கியிருக்குது. நாம எதுக்கு யோசிக்கோணும்?"

"அய்யா, ஒரே ஒரு கேள்வி பாக்கி இருக்குதுங்க" என்று சுகன்யா தாளை எடுத்து வாசித்தாள். "அந்த நாலு பண்ணைல, கருவி இன்னைக்கு யாரோட கொட்டகைல ஓடுது?"

"அர்த்தநாரி அண்ணன் பண்ணைல" என்றார் குருமூர்த்தி. "அவரே மாட்டிட்டாருன்னு கேட்டுத்தான் நானும் சரின்னேன்."

"நானா?" அர்த்தநாரி போண்டாவைத் தட்டில் வைத்தார். "சாரதாமணி ஊட்ல ஜோரா ஓடுதுன்னு பையன் சொன்னானே."

மோகனூர்ப் பக்கம் மூன்று பண்ணை வைத்திருக்கும் சாரதாமணி நிமிர்ந்தாள். "எங்கூட்லயா? ஏனுங்ணா, கைலாசண்ணன்தான் மொத ஆளு வாங்குனாருன்னு அந்தத் தம்பியே சொல்லுச்சுங்களே."

எல்லோரும் கைலாசத்தைப் பார்த்தார்கள். அவர் அரைத் தூக்கத்தில் இருந்தார். "எங்கொட்டகைல லைட்டே ஒழுங்கா எரியறதில்லீங்க. கேமரா என்னத்தப் பாக்கும்?" என்றார்.

சுகன்யா நான்கு கடிதங்களையும் மேசையில் பரப்பினாள்.

"இது கண்ணுசாமி ஊட்டுக் கிரகப்பிரவேசத்துல போட்டதுதானே?" என்றாள் சாரதாமணி. "பந்தி முடிஞ்சு கை கழுவிட்டு வந்தப்ப நீட்டுனாரு. தம்பிக்கு ஆசீர்வாதமா ஒரு கையெழுத்துன்னாரு."

"விருந்து சாப்பிட்ட ஊட்ல மாட்டேன்னா சொல்ல முடியும்?" என்றார் குருமூர்த்தி. மற்ற மூவரும் தலையாட்டினார்கள். ஆசீர்வாதம் பண்ணுகிறபோது யாராவது கண்ணாடி தேடுவார்களா?

ஆகக் கூடி விஷயம் இதுதான். நாலு பேரும் வாங்காத பொருளை, மற்ற மூணு பேர் வாங்கிவிட்டார்கள் என்று நம்பி, நாலு பேரும் பணம் போட இருந்தார்கள். ஊருக்கே முட்டை விலை பேசுகிற தலைகள்!

வேண்டாம் என்பதில் இப்போது ஒருவருக்கும் மறுப்பில்லை. அதைக் கண்ணுசாமியிடம் யார் சொல்வது என்பதுதான் பெரும்பாடாகிவிட்டது. ஒருவர் பங்காளி என்றார், ஒருவர் தீவனம் விற்கிற இடம் என்றார். அர்த்தநாரிக்குச் சம்பந்தி. கடைசியில் அவர் முகம் தெளிந்தது. சுகன்யா அந்தத் தெளிவை முன்பே எதிர்பார்த்திருந்தாள்.

"அம்முணி, அந்தச் செகப்புப் பக்கத்த மறுபடி கொண்டா. நீ எழுதுனதுதானே? நாங்க பாத்தோம்னு கையெழுத்துப் போட்டுத் தாரோம். சம்பந்தி கேட்டா, குறிப்பு எழுதுற புள்ள வேண்டாம்னுருச்சுன்னு காட்டிர்றேன்."

அன்பரசு தலையிலும் பழி இப்படித்தான் விழுந்தது. சுகன்யா உள்ளே போனாள். பக்கத்தைத் திறந்து அடியில் ஒரு பத்தி சேர்த்து, அச்செடுத்துக் கொண்டுவந்து மேசையில் வைத்தாள்.

"கீழ கொஞ்சம் சேத்திருக்கறனுங்க. படிச்சுப் பாத்துட்டுப் போடுங்கய்யா" என்றாள். "அக்கா, நீங்களாச்சும் படிங்க."

"நீ எழுதுனாச் சரியாத்தான் கண்ணு இருக்கும்" என்று சாரதாமணி முதலில் போட்டாள். தாள் கைமாறிக் கைமாறிச் சுற்றியது. கைலாசத்துக்குப் பேனா எடுத்துக் கொடுத்தார்கள். அர்த்தநாரி கடைசியாகப் போட்டு, போனை எடுத்து அதைப் படம் பிடித்து, அங்கேயே கண்ணுசாமிக்கு வாட்ஸ்அப்பில் தட்டிவிட்டார். பெரிய பாரம் இறங்கிய மாதிரி மீதிப் போண்டாவை எடுத்தார்.

அவர் அதைக் கடிப்பதற்குள் போன் அடித்தது.

"சொல்லுங்க சம்பந்தி... ஆமாங்க, புள்ள எழுதுனதுதானுங்க... என்னுங்க? நாங்களா?" அவர் கண் மேசைமேல் கிடந்த தாளைத் தேடியது.

சுகன்யா தாளை அவர் பக்கம் திருப்பி வைத்தாள். அவள் சேர்த்த பத்தியில் இப்படி இருந்தது: "கருவியைப் பார்க்காமலும் கடிதத்தைப் படிக்காமலும் கையெழுத்திட்டோம் என்பதை உறுப்பினர்களாகிய நாங்கள் ஒப்புக்கொள்கிறோம். இம்முதலீடு வேண்டாம் என்பது எங்கள் நால்வரின் ஒருமனதான முடிவு."

"படிச்சுத்தான் போட்டீங்களான்னு சம்பந்தி கேக்கறாரு" என்றார் அர்த்தநாரி, போனைக் கையால் பொத்திக்கொண்டு. "என்ன சொல்றது அம்முணி?"

"அதை நீங்கதான் சொல்லோணுமுங்கய்யா" என்றாள் சுகன்யா.