இரண்டு விரல் தளர்வு

வீட்டுச் சரித்திரத்தில் பொன்னெழுத்துகளால் பொறிக்கத்தக்க அறிவிப்பொன்றைத் தையல்காரர் அன்று காலை வெளியிட்டார்: அவர் மனைவியின் வலது தொடை, இடது தொடையை எட்டிப் பிடித்துவிட்டது.

மனைவி பேருந்து ஓட்டுநர். வலது முழங்கால் தசைநார் அறுந்து, அறுவைச் சிகிச்சை முடிந்து, அந்தத் தொடை இளைத்துப்போய், நாலு மாதமாக வீட்டில் இருந்தார். கால் தேறினால்தான் பயிற்சி கொடுக்கும் பிசியோ மேடம், வண்டி ஓட்டலாம் என்று டிப்போவுக்குச் சான்று எழுதுவார். ஸ்டியரிங்கைத் தொடாமல் விரல்கள் அரிக்கின்றன என்பது டிரைவரம்மாவின் புகார்.

பயிற்சிப் பதிவேட்டுக்குப் பொறுப்பாளர் தையல்காரர். கால் தூக்கல், சுவரோரம் அரைக்குந்தல் எல்லாவற்றையும் வாரவாரம் கூட்டி எழுதுவார். ஞாயிறு காலை, பயிற்சிக்கு முன், முட்டிக்கு மேல் பதினைந்து சென்டிமீட்டரில் பேனாப் புள்ளி வைத்து இரண்டு தொடைகளையும் அளப்பார். பிறகு வரைபடம். அதன் அடிக்கோடு பூஜ்யத்தில் இல்லாமல் நாற்பத்திரண்டில் தொடங்கியதால், வலது தொடை செங்குத்தாக மலையேறியது.

மறுநாள் சிகிச்சை அறையில் பிசியோ மேடம் அந்த மலையை நெடுநேரம் பார்த்தார்.

"வாராந்திர மொத்தம் சீரா ஏறியிருக்கு, அருமை. ஆனா ஆறு வாரத்துல மூணு சென்டிமீட்டரா? இது தொடையா, பொங்கின மாவா?"

"உழைப்பு மேடம்!" என்றார் தையல்காரர், தானே கால் தூக்கியவர்போல.

மேடம் டேப்பை எடுத்து அளந்தார். இடது நாற்பத்தாறு. வலது நாற்பத்து மூன்றரை. வரைபடத்தில் அது நாற்பத்தைந்தே முக்கால்.

"சார், நீங்க எப்படிப் பிடிப்பீங்க? காட்டுங்க."

காட்டினார். இடது காலில் டேப் தோலோடு படிந்தது. வலது காலில் டேப்புக்கும் தொடைக்கும் நடுவே அவருடைய இரண்டு விரல்கள் இருந்தன.

"என்னங்க இது, பேன்ட்டா தைக்கப்போறீங்க?" என்றார் மனைவி.

"இறுக்கினா உன் மூஞ்சி சுருங்குது. முதல்ல ஒரு விரல் விட்டேன். அப்புறம் அளவு சொன்னதும் நீ சிரிச்ச பாரு... இன்னொரு விரலும் தானா போயிடுச்சு."

மேடம் சுவரில் மாட்டியிருந்த எலும்புக்கூட்டுப் படத்தை அக்கறையாகப் பார்த்தார்.

"வலி தழும்புலதான், தொடையில இல்ல," என்றார் மனைவி மெல்ல. "மூஞ்சி சுருங்கினது, உங்க கை சில்லுன்னு இருந்ததால. இத்தனை வருஷம் ஆகியும் கேக்கத் தெரியல, அளக்க மட்டும் தெரியுது."

கணவரின் கையைப் பிடித்து, விரல்களை ஒவ்வொன்றாக வெளியே எடுத்து, டேப்பைத் தானே படியவைத்தார். கையை மட்டும் திருப்பிக் கொடுக்கவில்லை.

"நிஜமாவே ஒரு சென்டிமீட்டர் ஏறியிருக்கு," என்றார் மேடம். "அதுவே நல்ல வேகம். பலத்தையும் சோதிச்சுப் பாக்கணும். அதுக்கப்புறம்தான் சான்று."

வீட்டுக்கு வந்து தையல்காரர் வரைபடத்தில் புதிய புள்ளி வைத்தார். மலை சரிந்து விழுந்தது. மனைவி அதைப் பார்த்து வயிறு குலுங்கச் சிரித்து, அதையே அலமாரிக் கதவில் ஒட்டச் சொன்னார்.

மேலும் மூன்று மாதம் டிரைவரம்மாவின் பேருந்தை வேறொருவர் ஓட்டினார்.