பாறை முதலில்

மீன்பெட்டிகளைத் தள்ளிக் குறித்த கட்டங்களில் சேர்க்கும் விளையாட்டு அது. எல்லாப் பெட்டிகளும் சேர்ந்துவிட்ட நிலையிலிருந்து பின்னோக்கி இழுத்து இழுத்துத்தான் ஃபாஸிலாவின் கணினி நிரல் புதிர் அமைக்கும்; இழுத்த வழியே திருப்பித் தள்ளினால் தீர்ந்துவிட வேண்டும். ஆனால் ஏழாவது புதிர் தீரவே மாட்டேன் என்றது. அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது; கூடச் சேர்ந்து நிரல் எழுதும் ஜெனின் பக்கம் திரும்பினாள்.

"ஏலே ஜெனின், நீ என்னத்தத் தொட்ட?"

"ஒண்ணுமில்ல. கடைசில அழகுக்கு நாலு பாறை போட்டேன். எங்க முட்டத்துக் கடப்புறம்னா பாறை வேண்டாமா?"

"பெட்டி இழுத்த வழியிலயே போட்டிருக்க! உங்க ஊர்ல ஆளு குடியேறின பிறகா பாறை வந்துது?"

ஜெனின் விசைப்பலகையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான். பாறை போடும் வரியை வெட்டி, பெட்டி இழுக்கும் வரிக்கு மேலே ஒட்டினான்.