அண்ணி ஓடும் நேரம்

தீயணைப்புத் துறையில் பெண்களை எடுக்கிறார்கள் என்றதும் அண்ணியும் நாத்தனாரும் சேர்ந்தே மனு போட்டார்கள். வயது வரம்பில் அண்ணிக்கு அதுதான் கடைசி வாய்ப்பு. மைதானத்தை நான்கு சுற்று, எட்டு நிமிடத்துக்குள் ஓடி முடிக்க வேண்டும்.

நாத்தனாருக்குப் பால் நிலையத்தில் காலை வேலை. ஒன்பது மணிக்கே தூங்கிவிடுவாள். விடியுமுன் துள்ளி எழுவாள். அண்ணிக்கோ மருத்துவமனைச் சலவைப் பிரிவில் மதியம் இரண்டு முதல் இரவு பத்து வரை வேலை. கண் அசர ஒரு மணியாகிவிடும். நாலரைக்கு நாத்தனார் கதவைத் தட்டுவாள்.

"வாங்க அண்ணி, ஓடினா தூக்கமெல்லாம் பறந்துடும்."

பறக்கவில்லை. ஒரு மாதம் ஓடியும் ஒன்பது நிமிடத்துக்குக் கீழே இறங்கவே இல்லை. ஒருநாள் துணி தேய்க்கும் சூடான உருளையில் விரிப்பை நுழைத்துக்கொண்டிருந்தபோது கண் சொருகியது. காலை வேலை முடித்துக் கிளம்பிக்கொண்டிருந்த தோழி கையைப் பிடித்து இழுத்திராவிட்டால் விரல் வெந்திருக்கும்.

"மூணரை மணி நேரம் தூங்கிட்டு ஓடினா உடம்பு எப்படித் தேறும்?" என்றாள் அந்தத் தோழி. "எனக்குக் காலை ஷிப்ட்டு ஒத்துவரல. மாத்திக்கலாமா?"

மேற்பார்வையாளர் முணுமுணுத்துக்கொண்டே சம்மதித்தார். இனி ஆறு முதல் இரண்டு வரை வேலை, மாலை ஐந்துக்கு ஓட்டம், பத்துக்குப் படுக்கை. நாத்தனாருக்கு மனத்தாங்கல்.

"அப்ப நான் தனியா ஓடணுமா?"

"உன்கூட ஓட ஆசைதான்டி. உடம்பு ஒத்துழைக்கலையே."

முதல் வாரம் படுத்தால் தூக்கம் பிடிக்கவில்லை. பிறகு பழகியது. மாலையில் உடம்பு இளகிக் கிடந்தது; கால் சொன்னபடி கேட்டது. ஆறு வாரத்தில் ஏழு நிமிடம் ஐம்பது வினாடி. அன்று வீட்டுக்கு வரும் வழியெல்லாம் தனக்குத்தானே சிரித்துக்கொண்டாள்.

அப்போது கடிதம் வந்தது. தேர்வு காலை ஏழு மணிக்கு.

அவள் தொப்பென்று உட்கார்ந்துவிட்டாள். நாத்தனார்தான் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"இன்னும் மூணு வாரம் இருக்கு அண்ணி. ரெண்டு பேருக்கும் லீவான நாள்ல மட்டும் ஏழு மணிக்கு என்கூட ஓடுங்க. மத்த நாள் சாயங்காலமே இருக்கட்டும். தூக்கத்துல கைவைக்க வேண்டாம்."

முதல் காலை ஓட்டத்தில் கால் கட்டையாக இருந்தது: எட்டு நிமிடம் இருபது வினாடி. காலையில் உடம்பு சூடேற இரட்டிப்பு நேரம் வேண்டும் என்று கண்டுகொண்டாள். அடுத்த முறை அரை மணி முன்பே மெல்ல ஓடத் தொடங்கினாள்.

தேர்வன்று நாத்தனார் எப்போதோ முடித்துவிட்டு எல்லைக்கோட்டருகே நின்று தொண்டை கிழியக் கத்தினாள். அண்ணி ஏழு நிமிடம் ஐம்பத்தாறு வினாடியில் கோட்டைத் தாண்டிப் புல்லில் மல்லாந்தாள்.

"பாஸா?"

"பாஸ் அண்ணி!"

அவள் மூச்சிரைக்க எழுந்து உட்கார்ந்தாள். நாத்தனாரின் கையைப் பிடித்துக்கொண்டாள்.