மூக்கு நுனி வேர்வை

"இது யாருங்க?" என்றாள், நன்னிலத்திலிருந்து ஆல்பம் பார்க்க வந்திருந்த புதுப்பெண் தமிழ்நிலா. திரையில் இருந்தது அவள் முகமேதான்.

தஞ்சாவூர் ஸ்டூடியோவில் படங்களைத் திருத்தும் செம்மொழிக்குச் சுருக்கென்றது. நானூறு சதவீதம் பெரிதாக்கி, தோலின் ஒவ்வொரு துளையையும் தேடித்தேடி அழித்திருந்தாள். அவ்வளவு கிட்டத்தில் எல்லாமே குறையாகத்தான் தெரியும். முழுப்படமாகச் சுருக்கியதும் முகம் மெழுகாக நின்றது; பக்கத்தில் மாப்பிள்ளைக்கு மட்டும் தோல் இருந்தது.

"உக்காருங்க. சரி பண்ணிட்டுத்தான் எந்திரிப்பேன்."

படத்தின்மேல் போட்டிருந்த மழமழப்பு லேயரை அழித்தாள். பெரிதாக்காமல் நூறு சதவீதத்தில் வைத்து, தாடைப் பருவை மட்டும் பக்கத்துத் தோலை எடுத்து மூடினாள். கண்ணடிக் கருமையைப் பாதி குறைத்தாள்; வரிகளைத் தொடவில்லை. முழுப்படத்தில் திருத்தாத படத்தோடு ஒப்பிட்டுவிட்டு மறுபடி நூறுக்குப் போனாள்.

மூக்கு நுனியில் வேர்வை மினுங்கியது. பிரஷ் அங்கே போய் நின்றது.

"அத விட்டுடுங்க," என்றாள் தமிழ்நிலா. "தாலி கட்டுறப்ப பயத்துல வேர்த்துச்சு. அவருதான் துண்டால தொடச்சுவிட்டாரு."

செம்மொழி அடுத்த படத்தைத் திறந்தாள். துண்டோடு நீளும் மாப்பிள்ளையின் கை. அதற்கு நேரே, அவள் நேற்றே மழமழப்பாக்கிவைத்த, துடைக்க ஒன்றுமில்லாத தமிழ்நிலாவின் முகம்.